கூட்டினால் குறையுமா?

(பள்ளி ஒன்றின் கணித நாள் விழாவில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். தப்பான விடைத்தாளைத் திருத்துவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டம் கொடுத்தது வெற்றுத்தாள்தான். ‘தப்பாயிடுமோ’ என்ற பயத்தில் ஒன்றுமே எழுதாத பிள்ளைக்கு எங்கே சிக்கல் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. தப்பாக எழுதியிருந்தாலாவது ஒரு துப்பு கிடைக்கும்.

அது என்ன துப்பு? ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஆறாம் வகுப்பில் ஆண்டு தவறாமல் வரும் விடை இது:

1/2 + 1/3 = 2/5

மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியாச்சு. இது தப்பு என்று வாத்தியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரை தோசை வைத்திருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் இலையில் தோசை குறையுமா? விடையின் அளவைப் பார்த்தாலே தப்பு தெரிந்துவிடும்.

சரி, இந்த விடை எங்கிருந்து வந்தது? முட்டாள்தனத்திலிருந்து வரவில்லை. நம்ம டீம் முதல் இரண்டு மேட்சில் ஒன்று ஜெயித்தது, அடுத்த மூன்று மேட்சில் ஒன்று ஜெயித்தது என்று வையுங்கள். மொத்தம் ஐந்து மேட்சில் இரண்டு வெற்றி. இங்கே 2/5 தான் சரி! ஆக, அந்தப் பிள்ளை எழுதியது வேறொரு கேள்விக்கான சரியான விடை. மேட்ச் கணக்கில் முதலில் இரண்டு மேட்ச், பிறகு மூன்று மேட்ச் என்று முழுமை மாறுகிறது. தோசைக் கணக்கில் முழுமை ஒன்றேதான். ஒரே அளவு தோசையை ஆறு துண்டாக்கினால் அரை என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. சேர்த்தால் 5/6. பொதுப் பகுதி எதற்கு எடுக்கிறோம் என்பது அந்தத் தப்பு வந்த பிறகுதான் விளங்குகிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. (a + b)² என்பதை a² + b² என்று எழுதுகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். சிரிக்கிறீர்களே, இருக்கிறீர்கள்! a = 3, b = 4 என்று போட்டுப் பாருங்கள். சரியான விடை 49. நீங்கள் எழுதியதில் வருவது 25. விட்டுப்போனது 24. அது 2 × 3 × 4, அதாவது 2ab. ஏழுக்கு ஏழு கட்டம் வரைந்து, ஒரு மூலையில் 3 × 3, எதிர் மூலையில் 4 × 4 என்று நிழல் அடித்தால், மிச்சமாக 3 × 4 செவ்வகங்கள் இரண்டு நிற்கும். விட்டது எது என்பதைத் தப்பே காட்டிக் கொடுக்கிறது.

எண் போட்டுச் சோதிக்கும்போது 0, 1, 2 வேண்டாம். x = 2 என்றால் x²-உம் 4, 2x-உம் 4. தப்பு ஒளிந்துகொள்ளும். 3, 5, 7 என்று போடுங்கள்.

எல்லாத் தப்பும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6-ஐ 9 என்று பார்த்து எழுதுவது கைத்தவறு. மறுபடி போட்டால் சரியாகிவிடும். மறுபடி போட்டும் அதே தப்பு வந்தால், மனதில் ஒரு தவறான விதி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதைத்தான் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். ஆகவே ரப்பரால் அழிக்காதீர்கள். வீட்டு நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘ஏன் இப்படி எழுதினேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

இன்று யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறோமோ அவருக்கும் இது நேர்ந்தது. 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் பகா எண்களைப் பற்றிச் சொன்ன ஒரு முடிவு சரியில்லை. சிறிய எண்களுக்கு அவர் சூத்திரம் அழகாகப் பொருந்தியது. ஆனால் எண்கள் பெருகப் பெருக, அவர் நினைத்த துல்லியம் அதற்கு இல்லை. ஹார்டி அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகும் அவரை அழைத்தார். 1914-இல் இராமானுஜன் கப்பலேறினார். தப்பாகிவிடுமோ என்று அந்தப் பக்கத்தை மட்டும் அவர் ஒளித்து வைத்திருந்தால், அது எங்கே பிசகியது என்று சொல்ல ஆளே இருந்திருக்காது.

நாளைக்குக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து வாருங்கள். தெரிந்த வரை எழுதுங்கள். விடை வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கூட்டினேனே, குறைந்திருக்கிறதா?”