கண் சிரிக்காத சிரிப்பு



நாம் வேடிக்கையாக ஒன்று சொல்கிறோம். எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி விடுகிறோம். ஆனால் சிரிக்கும்போதுகூட உள்ளம் வலியில் இருக்கலாம் என்று நீதிமொழிகள் நூலின் 14ஆம் அதிகாரம் நமக்குச் சொல்கிறது. அந்த வலியை எப்படிக் கண்டுகொள்வது?

ஓர் அன்பியக் கூட்டத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். செபம் முடிந்து தேநீர் வருகிறது. பெரியவர் ஒருவர், முப்பத்தைந்து வயதாகியும் திருமணமாகாத ஓர் இளைஞரைப் பார்த்து, "என்ன தம்பி, உன் கல்யாணச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தே நான் எலும்பும் தோலுமாப் போயிட்டேன்!" என்கிறார்.

அடுத்த சில நொடிகளில் நடப்பதைக் கவனியுங்கள். நல்ல நகைச்சுவைக்குச் சிரிப்பு காத்திருப்பதில்லை. சொல்லி முடிக்கும் முன்பே கிளம்பிவிடும். இங்கே ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. பிறகு இரண்டு பேர் "ஹ... ஹ..." என்கிறார்கள். அது எல்லாரிடமும் பரவாமல் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. இளைஞரின் தாய் கையிலுள்ள டம்ளரையே பார்க்கிறார். இளைஞரும் சிரிக்கிறார். "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.

பெரியவர் காதில் விழுந்தது சிரிப்பு மட்டுமே. எனவே அதையே இன்னும் உரக்கச் சொல்கிறார். அமைதியை நிரப்பத்தான் நம்மில் பலர் இப்படி இரண்டாம் முறை சொல்கிறோம். முதலில் குத்தியது இப்போது ஆழமாக இறங்குகிறது.

பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன், முகத்தசைகளில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்து, 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு எளிதில் கேட்பதில்லை என்று அவர் கண்டார். மனம் நிறைந்து சிரிக்கும்போது கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்கும். மரியாதைக்குச் சிரிக்கும்போது பெரும்பாலும் வாய் மட்டும் விரியும். இதை மட்டும் நம்பித் தீர்ப்பிடவும் முடியாது. கண்ணோரத்தையும் சுருக்கி நடிக்கக்கூடியவர்கள் பலர் உண்டு. ஆகவே சிரிப்பு எப்போது தொடங்கியது, எப்படி நின்றது, அதன்பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மைச் சிரிப்பு மெல்ல மெல்லத்தான் அடங்கும். கேட்டவர் அதன்மேல் தாமும் ஒரு வார்த்தை சேர்ப்பார். பொய்ச் சிரிப்புக்குப் பின் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அல்லது ஒருவர் எழுந்து போவார்.

அமைதியிலும் வேறுபாடு உண்டு. நாம் சொன்னது புரியவில்லை என்றால் எல்லாரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்வையில் கேள்வி இருக்கும். நாம் சொன்னது யாரையாவது காயப்படுத்தியிருந்தால் நம்மைப் பார்க்க மாட்டார்கள். காயப்பட்டவரை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், அல்லது தரையைப் பார்ப்பார்கள். முதல் அமைதிக்கு ஒரு சிறு விளக்கம் போதும். இரண்டாவதற்கு விளக்கம் சொல்லச் சொல்ல வலி கூடும். சிலர் இயல்பாகவே சத்தமின்றிப் புன்னகைப்பவர்கள். எனவே ஒருவரின் அமைதியை அவரது வழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் தயவை எதிர்பார்த்திருப்பவர்களின் சிரிப்பை நாம் மிகக் குறைவாகவே நம்ப வேண்டும். மாமனார் சொன்னதற்கு மருமகள் சிரிக்கிறார். முதலாளி சொன்னதற்கு வேலையாள் சிரிக்கிறார். பங்குத்தந்தை சொன்னதற்கு உபதேசியார் சிரிக்கிறார். சிரிக்காமலிருக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

தவறிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்யலாம்? திரும்பச் சொல்லாதிருப்போம். "சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன், இதற்கெல்லாமா கோபம்?" என்று கேட்காதிருப்போம். அடுத்தவரை ஏமாற்றிவிட்டு, விளையாட்டுக்குச் செய்தேன் என்பவரைத் தீக்கணைகளை எறியும் பித்தனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம். அந்தச் சாக்கு நம் வாயிலும் வேண்டாம். காயப்பட்டவர்மேல் விழுந்த பார்வைகளை விலக்க, பேச்சை வேறு பக்கம் திருப்புவோம். எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டால் அவர் மறுபடியும் காட்சிப்பொருளாவார். கூட்டம் கலைந்தபின் தனியாகச் சென்று, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்வோம். "பரவாயில்லை" என்று அவர் சிரித்தால், இந்த முறை அவர் கண்களையும் பார்ப்போம்.