முதுசொ வீடும் உடன்பிறந்தார் உரித்தும்



தந்தை தேடிய வீட்டில் ஒரு மகன் குடியிருக்கிறான். ஏனையோர் கொழும்புக்கும் கண்டிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். காலம் கழிந்தபின், "இத்தனை ஆண்டு நானே ஆண்டேன், வீடு எனதே" என்கிறான். சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?

தோட்டத்து லயம் நம் பெயரில் உறுதியில்லாதவரை முதுசொமாகாது. நான் பேசுவது அட்டன் போன்ற நகரில் தந்தை உறுதி முடித்து வாங்கிய வீட்டைப் பற்றி. மலையகத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பொருந்தும். மரண சாசனமின்றித் தந்தை இறந்தால் தாய்க்குப் பாதி. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகும். தாயும் அவ்வாறே காலமானபின் பிள்ளைகள் நால்வரானால் ஆளுக்குக் காற்பங்கு. மணமாகிச் சென்ற மகளுக்கும் அதே பங்கு உண்டு.

பத்தாண்டு எதிராட்சி செய்தவனுக்கு உரித்து உண்டென்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கூறுவது மெய்தான். அண்ணன் நம்பியிருப்பதும் அதையே. ஆனால் கொரேயா எதிர் இசரிஸ் அப்புகாமி வழக்கை நோக்குங்கள். இறந்த சகோதரனின் சொத்தை இசரிஸ் தனியே ஆண்டுவந்தார். மற்ற உரித்தாளரின் பங்குகளைக் கொரேயா வாங்கினார். 1911இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே என்றும், மனத்துள் மறைத்த எண்ணத்தால் அது மாறாதென்றும் தீர்த்தது. மற்றவரை வெளிப்படையாக விலக்கிய செயல் ஒன்று வேண்டும்.

ஆகவே அண்ணன் குடியிருப்பதும் சோலைவரி கட்டுவதும் மட்டும் போதா. ஆனால் தங்கையைப் படியேற விடாமல், "உனக்கு இங்கே பங்கில்லை" என்று மறுத்தால், அன்றே பத்தாண்டுக் கணக்குத் தொடங்கலாம். நெடுங்காலத் தனியாட்சியோடு வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால் விலக்கம் நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாமென 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கும் காட்டியது. "அண்ணன்தானே" என்று வாளாவிருப்பது இதனாலேயே ஆபத்து.

செய்யவேண்டியது யாது? முதலில் சட்டத்தரணி மூலம் பங்கைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புக; பிரதியைப் பேணுக. ஆனால் கடிதம் மட்டும் பத்தாண்டுக் கணக்கை நிறுத்துமென்று நம்பியிராதீர்கள். காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்து, அண்ணன் தன் பெயருக்குப் புது உறுதி முடித்திருக்கிறானா என அறிக. அவன் முழு வீட்டையும் விற்றாலும் வாங்கியவனுக்குச் சேர்வது அவன் காற்பங்கே.

இணக்கம் வராவிடில், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கிடலாம். வழக்கு காணிப் பதிவகத்தில் பதியப்படும். நில அளவையாளர் அளப்பார். நீதிபதி பங்குகளைத் தீர்மானிப்பார். பிரிக்க முடியாத சிறு வீடாயின் மதிப்பிட்டு, முதலில் பங்காளிகளுக்குள்ளும் பின்னர் பகிரங்க ஏலத்திலும் விற்று, பணத்தைப் பங்கிடுவர்.

அண்ணனுக்கும் நியாயம் உண்டு. அவனும் பங்காளி, வெறுமனே வெளியேற்ற முடியாது. நல்லெண்ணத்தோடு வீட்டைத் திருத்திச் செலவிட்டிருந்தால் அதற்கு ஈடு கேட்கலாம். இத்தகைய வழக்குகள் பல ஆண்டுகள் நீள்வதால், அவன் மற்ற மூவரின் பங்கையும் மதிப்பிட்ட விலைக்கு வாங்கி, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிப்பதே பல குடும்பங்களுக்கு உகந்த வழி.