நாற்பது செய்தியும் அரைப் பக்கமும்

(சங்க ஊழியர்களுக்கான கல்வி வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்க வேலை இன்று பாதி வாட்ஸாப்பில் நடக்கிறது. திடீரென ஒரு புதுத் தோழரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்ப நேர்ந்தால், "குரூப்பில் எல்லாம் இருக்கிறது, படித்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறோம். அது அவரைக் கைவிடுவதாகும். எங்கள் பகுதி நூற்பாலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளர் ஏழு பேரை நிர்வாகம் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. புதன் இரவு சங்கச் செயலாளருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வியாழனன்று தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு. கார்டிங் பிரிவு இளந்தோழர் ஒருவரை அனுப்புவதென்று அன்று காலை எட்டு மணிக்குத்தான் முடிவாயிற்று. குரூப்பில் கிடந்தவை 40 செய்திகள். அவற்றில் பாதிக்கு மேல் கும்பிடும் கட்டைவிரலும், டீக்கடைச் சண்டை ஒன்றும்!

அலுவலகத் தோழர் ஒருவர் உடனே சுருக்கம் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமையில் தொடங்கிக் கதைபோல இரண்டு பக்கம். கடைசி வரி: "ஐந்து பேரை முதலில் ஏற்கச் சங்கம் சம்மதம்."

எனக்குத் திக்கென்றது. ஏனெனில் செவ்வாயன்று செயலாளர், "ஏழு பேரும் உள்ளே போகாமல் கையெழுத்து இல்லை" என்று எழுதியிருந்தார். எப்போது மாறியது? தேடிப் பார்த்தோம். புதன் பகலில் பொருளாளர் ஒரே செய்தியில் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். வருகை அட்டை நகல்களை எடுத்துவிடலாமா? நிர்வாகம் சொல்கிறபடி ஐந்து பேரை முதலில் ஏற்றுக்கொள்ளலாமா? அதற்குக் கீழே துணைத்தலைவர், "சரி" என்று ஒரு சொல் போட்டிருந்தார். எதற்குச் சரி? போன் செய்து கேட்டோம். "நகல் எடுக்கத்தானய்யா சொன்னேன்" என்றார். அந்த வரியோடு போயிருந்தால் நம் தோழரே கையெழுத்துப் போட்டு இரண்டு பேரை வெளியே தள்ளியிருப்பார்.

இன்னொரு கண்ணி. புதன் இரவு 12.10-க்கு ஒருவர், "நாளைக்கு மூணு மணிக்கு மாத்திட்டாங்க" என்று எழுதியிருந்தார். காலண்டர்படி அப்போது வியாழன் பிறந்தாயிற்று. "நாளை" என்றால் வெள்ளி. ஆனால் தூங்கி எழுவதற்கு முன் சொல்கிறவனுக்கு நாளை என்பது வியாழன்தான். அலுவலகத்துக்கு போன் செய்தோம். வியாழன் பகல் 3 மணி என்றார்கள். ஆகவே சுருக்கத்தில் "நாளை", "நேற்று" கூடாது. கிழமையும் தேதியும் வேண்டும்.

குரல் செய்தியை யாரும் கேட்பதில்லை. புதன் பகலில் செயலாளர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார். அலுவலகத் தோழர் அதைத் திறக்கவே இல்லை. நிர்வாகம் மறுக்கிற இருவரில் ஒருவர் வேறு மில்லில் சேர்ந்துவிட்டாராம். தமக்காக வாதாட வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் நிர்வாகத்துக்கும் நமக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு தொழிலாளியின் வேலை! 40 செய்தியில் மிக முக்கியமானது அதுதான். சம்பந்தப்பட்டவரிடமே போனில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

பிறகு மறுபடி எழுதினோம். முதலில் செய்ய வேண்டியது, கதை கடைசியில்:

"இன்று வியாழன் பகல் 3 மணி, தொழிலாளர் அலுவலகம். ஆறு பேரையும் திரும்ப எடுக்கக் கோருக. ஐந்து பேருக்கு மட்டும் என்றால் கையெழுத்திடாதீர் (செயலாளர், செவ்வாய் பகல் 1.20, மாற்றப்படவில்லை). ஏழாமவர் தாமே விலகிவிட்டார் (செயலாளர் குரல் செய்தி, புதன் பகல் 2.05; அவரிடமே கேட்டாயிற்று). கையில்: வருகை அட்டை நகல்கள், பொருளாளரிடம். முடிவாகாதது: நிறுத்திய நாட்களின் கூலி. இதைப் பற்றி ஒருவர் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. நீங்களாக ஒப்புக்கொள்ளாமல் செயற்குழுவிடம் கேட்பதாகச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் துணைத்தலைவருக்கு போன் செய்க."

அவ்வளவுதான். யார், எப்போது சொன்னார் என்பதைப் பக்கத்திலேயே போட்டதால், வேண்டுமானால் அவரே குரூப்பில் தேடிச் சரிபார்க்கலாம். கூலி விஷயத்தில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் புதியவர் அதைச் சங்கத்தின் முடிவு என்றே எடுத்துக்கொண்டிருப்பார். எழுதியதை அவரையே வாசித்து, என்ன செய்யப் போகிறார் என்று திருப்பிச் சொல்லச் சொன்னோம். "ஐந்து என்றால் எழுந்து வந்துவிட வேண்டுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி! "எழ வேண்டாம், தேதி கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம்.

அன்று நிர்வாகம் ஐந்து பேர் என்ற தாளைத்தான் நீட்டியது. அவர் கையெழுத்திடவில்லை, வருகை அட்டை நகல்களை மேஜைமேல் வைத்தார். அலுவலர் எட்டு நாள் தள்ளி வைத்தார். மாலை ஐந்தரைக்கு குரூப்பில் 41-ஆவது செய்தி அவருடையது: "கையெழுத்து இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை 11 மணி. ஆறு பேர்."