சர்வே நம்பர் கேளுங்க, பிறகு அட்வான்ஸ் கொடுங்க

குழுக் கடன் வாங்கி மனை வாங்கினவங்க, வாங்கப் போறவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க. அதனால எங்க வீட்டுல நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன்.

என் நாத்தனார் ஒரு மனை பார்த்தாங்க. 1,200 சதுர அடி, மனை எண் 6, விலை ஆறு லட்சம். குழுவில் வாங்கின ஒரு லட்சத்தை அட்வான்ஸாக் கொடுத்துட்டாங்க. பட்டா விற்கிறவர் பேரில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டும் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லை. "இதுக்கு மேல என்ன அண்ணி பார்க்கணும்?"னு என்கிட்டயே கேட்டாங்க. எனக்கும் அன்னைக்குப் பதில் தெரியலை.

ரெண்டு மாசம் கழிச்சு, அந்தப் பக்கம் புறவழிச் சாலைக்கு நிலம் எடுக்கறாங்கன்னு பேச்சு வந்தது. அப்புறம்தான் அலைய ஆரம்பிச்சோம்.

முதலில் ஒண்ணு புரிஞ்சுது. வில்லங்கச் சான்றில் வர்றது பத்திரப் பதிவு ஆபீஸில் பதிவான விற்பனை, அடமானம் மாதிரியான பத்திரங்கள். அரசு நிலம் எடுக்கிற அறிவிப்பு அரசிதழில் வெளியாகுது. அது பத்திரம் இல்லை, அதனால வில்லங்கத்தில் தானா வந்துடும்னு நம்ப முடியாது. பட்டாவும் அப்படித்தான். எடுக்கிற வேலை முடிஞ்சு கணக்கில் மாத்துற வரைக்கும் பழைய ஆள் பேரிலேயே இருக்கும்.

ரெண்டாவது, அரசிதழில் மனை எண் இருக்காது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், எடுக்கிற பரப்பு, அவ்வளவுதான். எங்க கையில் இருந்த ரசீதில் "மனை எண் 6" மட்டும்தான் எழுதியிருந்தது. பட்டாவைப் பார்த்தா 87/3பி. கிராம நிர்வாக அலுவலர் எங்களைக் கலெக்டர் ஆபீஸில் நெடுஞ்சாலை நில எடுப்புக்குன்னு இருக்கிற தனி வட்டாட்சியர்கிட்ட அனுப்பினார். அங்கே பட்டியலில் 87/3பி இல்லவே இல்லை! நாத்தனாருக்கு முகம் மலர்ந்துடுச்சு. ஆனா அங்கிருந்த ஒரு அம்மா, "தாய்ப் பத்திரம் இருக்கா? பழைய நம்பர் என்ன?"ன்னு கேட்டாங்க. அதில் வெறும் 87/3, நாற்பது சென்ட். மனை போடறப்போதான் ஏ, பி ன்னு பிரிச்சிருக்காங்க. பட்டியலில் 87/3 இருந்தது: "பகுதி, 610 சதுர மீட்டர்". ஏறக்குறைய பதினைந்து சென்ட்.

நாற்பதில் பதினைந்துன்னா எந்தப் பதினைந்து? அதைப் பட்டியல் சொல்லாது. அந்த ஆபீஸிலேயே நில வரைபடம் வச்சிருப்பாங்க, கேட்டுப் பார்க்கலாம். நம்ம கையில் புல வரைபடமும் மனைப் பிரிவு வரைபடமும் இருந்தா பக்கத்தில் வச்சுப் பார்க்கணும். சாலைக் கோடு கிழக்கு ஓரமா வந்தது. மனை 6 முழுசா அதுக்குள்ள.

புரோக்கர் விடலை. "இது முதல் அறிவிப்புதான், மாறிடும்"னார். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ ன்னு முதல் அறிவிப்பு வரும். அது வந்த 21 நாளுக்குள்ள ஆட்சேபணை கொடுக்கலாம். அடுத்து 3டி வரும். அது வந்த நிமிஷமே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம், அப்புறம் யார் எழுதிக் கொடுத்தாலும் அது நிலமாகாது. ஒரு வருஷத்துக்குள்ள 3டி வரலைன்னா 3ஏ செல்லாம போகும்கிறது உண்மைதான். கோர்ட் தடை இருந்த நாட்களை அந்த வருஷத்தில் சேர்க்க மாட்டாங்க. ஆனா திரும்பவும் புதுசா ஒண்ணு போடலாமே. அந்த நம்பிக்கையில் குழுக் கடனை வைக்க முடியுமா? எங்க விஷயத்தில் நாங்க போனப்பவே 3டி வந்துடுச்சு.

மத்திய அரசு அறிவிப்புகளை egazette.gov.in-ல் காசு இல்லாம பார்க்கலாம். கிராமப் பேரை ஆங்கிலத்தில் வேற எழுத்தில் போட்டிருப்பாங்க. அதனால வட்டத்தை வச்சுத் தேடச் சொல்லுங்க. வீட்டு வசதி வாரியம், சிப்காட் எடுக்கிற நிலமெல்லாம் இதில் வராது. வாரியம் பல வருஷத்துக்கு முன்னால அறிவிச்ச நிலம் சில ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கு, அங்கே வாரியத்திடமே தடையின்மைச் சான்று கேட்கணும். வாயால சொல்றதை நம்பாதீங்க. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பழைய நம்பர் புது நம்பர் ரெண்டையும் எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. முப்பது நாள் ஆகும். விற்கிறவர் அவசரப்படுத்தினா, அட்வான்ஸ் ஒப்பந்தத்திலேயே சர்வே நம்பரைப் போட்டு, "நில எடுப்பில் இருந்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்"னு எழுதி வாங்குங்க. பதிவுக்கு முந்தின வாரம் இன்னொரு தடவை பாருங்க, நடுவில் புதுசா வந்திருக்கலாம்.

எங்ககிட்ட அப்படி எழுத்து எதுவும் இல்லை. ஒரு லட்சத்தில் அறுபதாயிரம் மூணு தவணையா வந்தது. மீதி நாற்பதாயிரத்துக்கு இன்னும் நடந்துட்டிருக்கோம். நாத்தனார் குழுவுக்கு மாசாமாசம் தவணை கட்டிட்டுத்தான் இருக்காங்க.