நான்குக்குப் பதில் மூன்று
(செங்கல்பட்டில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம் மாவட்டத்திலிருந்தே இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 1984இல். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல். இந்த இரண்டையும் நாம் கற்பிக்கும் முறையில் பெருக்க 16 ஓரிலக்கப் பெருக்கல்கள் வேண்டும். இலக்கங்கள் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். இதைக் குறைக்க வழியில்லை என்றே 1960இல் மாஸ்கோவில் ஒரு கருத்தரங்கில் கோல்மோகரோவ் கருதினார். அதைக் கேட்ட கரட்சுபா என்ற மாணவர் ஒரே வாரத்தில் வழி கண்டார்.

எண்களைப் பாதியாகப் பிரியுங்கள்: 19, 84, 20, 19. வழக்கமாக நான்கு பெருக்கல்கள். கரட்சுபாவுக்கு மூன்று போதும்.

19 × 20 = 380
84 × 19 = 1596
(19 + 84) × (20 + 19) = 103 × 39 = 4017

மூன்றாவதிலிருந்து முதலிரண்டையும் கழித்தால் நடுப்பகுதி 2041 கிடைக்கிறது. (a + b)(c + d) விரிவாக்கத்தில் ad + bc என்று வருவது இதுதான். இடமதிப்புப்படி கூட்டினால் 38,00,000 + 2,04,100 + 1,596 = 40,05,696.

அந்த மூன்று பெருக்கல்களையும் இதே போலப் பிரித்துக்கொண்டே போகலாம். இதுதான் பிரித்து வெல்லும் முறை. n இலக்கங்களுக்கான வேலையை இப்படி எழுதலாம்:

T(n) = 3T(n/2) + cn

இங்கே cn என்பது கூட்டல், கழித்தல் செலவு. இலக்கங்கள் இரட்டிக்கும்போது வேலை ஏறத்தாழ மூன்று மடங்குதான் ஆகிறது. 1024 இலக்கங்களுக்குப் பழைய முறையில் 10,48,576 ஓரிலக்கப் பெருக்கல்கள். இதில் சுமார் 3¹⁰, அதாவது 59,049.

அப்படியானால் ஐந்தாம் வகுப்பிலேயே இதைக் கற்பிக்கலாமே என்று மாணவர் கேட்பார். கூடாது. காரணம் அந்த cn. ஒருமுறை பிரித்தால் கூட்டல் கழித்தலுக்குத் தோராயமாக 4n அடிகள் கூடும் என்று வைத்துக்கொள்வோம். 4 இலக்கத்துக்குப் பழைய முறையில் 16 அடிகள்; புதியதில் 12 + 16 = 28. நட்டம்தான். 16 இலக்கத்தில் 256, 192 + 64 என்று இரண்டும் சமம். 32 இலக்கத்தில் 1024க்கு எதிராக 896. லாபம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சமநிலை இடமே மாறுபுள்ளி. மேலே 103 மூன்று இலக்கமானதைப் போன்ற மிகைகளும் அதைச் சற்றுத் தள்ளிவைக்கும்.

ஆகவே ஓரிலக்கம் வரை பிரித்துக்கொண்டே போகக் கூடாது. மாறுபுள்ளிக்குக் கீழே வந்ததும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் வரும் பைத்தான் அப்படித்தான் செய்கிறது. அது எண்களை 30 பிட் துண்டுகளாக வைத்திருக்கும். 70 துண்டுகள், அதாவது ஏறத்தாழ 630 இலக்கங்கள் வரை பள்ளிக்கூட முறையிலேயே பெருக்கும். அதைத் தாண்டினால்தான் கரட்சுபா.

நாம் கரும்பலகையில் எழுதும் முறை வழக்கொழிந்ததல்ல. அந்த எல்லைக்குள் அதுவே வேகமானது.