பூச்சியங்கள் எத்தனை?



புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில், மொத்த வியாபாரக் கடையொன்றில் என் பழைய மாணவர் ஒருவர் கணக்கெழுதுகிறார். தம் கையால் நேர்ந்த பிழையொன்றைச் சில நாட்களுக்கு முன் அவரே எனக்குச் சொன்னார். இந்தியாவிலிருந்து வந்த விலைப்பட்டியலில் 1,25,000 என்று தொகை அச்சாகியிருந்தது. இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே இரண்டு இலக்கங்களே நிற்கக் கண்ட அவர், ஒரு பூச்சியம் விடுபட்டுவிட்டதெனக் கருதி, 1,250,000 எனப் பேரேட்டில் பதிந்துவிட்டார். ஒன்றேகால் இலட்சம் பன்னிரண்டரை இலட்சமாயிற்று. முதலாளியின் கண்ணிற் பட்டமையால் காசோலை எழுதப்படவில்லை. "காற்புள்ளி ஏமாற்றிவிட்டது, சேர்" என்றார் மாணவர். காற்புள்ளி ஏமாற்றவில்லை. அது வேறொரு முறைக்குரிய காற்புள்ளி, அவ்வளவே.

இந்திய முறையில் ஆயிரத்துக்கு மேல் நூறு மடங்குக்கு ஒரு பெயர் வரும். நூறாயிரம் ஓர் இலட்சம். நூறு இலட்சம் ஒரு கோடி. ஆகவே கடைசி மூன்று இலக்கங்களை விட்டபின், இரண்டிரண்டாகப் பிரிப்பார்கள். ஆங்கில முறையிலோ ஆயிரம் மடங்குக்கு ஒரு பெயர். ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன். ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன். அங்கே மும்மூன்றாகப் பிரிப்பார்கள். கொழும்பில் வாழும் நமக்கு ஒரு விசித்திரமான நிலை: எழுதுவது ஆங்கில முறை, பேசுவது நம் முறை. வெள்ளவத்தையில் வீடு விற்பவர் 45,000,000 என்று எழுதிவிட்டு, "நாலரைக் கோடி" என்று வாயாற் சொல்வார்.

இரண்டு முறைகளையும் இணைக்கப் பூச்சியங்களை எண்ணினாற் போதும். இலட்சத்துக்கு ஐந்து, மில்லியனுக்கு ஆறு, கோடிக்கு ஏழு, பில்லியனுக்கு ஒன்பது. ஆகையால் ஒரு மில்லியன் பத்து இலட்சம். பத்து மில்லியன் ஒரு கோடி. ஒரு பில்லியன் நூறு கோடி. மில்லியனும் கோடியும் ஏறக்குறைய ஒன்றெனப் பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான தவறுகள் பிறப்பது இங்கேதான். அவற்றுக்கிடையே பத்து மடங்கு வேறுபாடு உண்டு.

ஓர் உண்மைச் செய்தியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 மார்ச் மாதத்தில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 3 பில்லியன் அமெரிக்க டொலர் கடனுதவியை அங்கீகரித்தது. நான்காண்டுகளிற் பகுதி பகுதியாகத் தருவதென்பது ஏற்பாடு. 3 பில்லியன் என்பது 300 கோடி டொலர். கணக்குக்கு எளிதாக ஒரு டொலரை 300 ரூபா எனக் கொண்டால், 90,000 கோடி ரூபா வரும். நூறு கோடிக்கு ஒரு பில்லியனாக அதையே மாற்றினால் 900 பில்லியன் ரூபா. கொழும்புப் பத்திரிகை 900 பில்லியன் என்று அச்சிடும். சென்னைப் பத்திரிகை 90,000 கோடி என்று அச்சிடும். தொகை ஒன்றே.

மாற்றியது சரிதானா என்று எவ்வாறு அறிவது? தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். நம் நாட்டு மக்கள் ஏறத்தாழ 22 மில்லியன், அதாவது 2 கோடியே 20 இலட்சம் பேர். 90,000 கோடியை அவர்களுக்குப் பங்கிட்டால், தலைக்கு 41,000 ரூபா அளவில் வரும். இனி வேறு வழியாக வருவோம். 3,000 மில்லியன் டொலரை 22 மில்லியன் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 136 டொலர்; அதை 300ஆற் பெருக்கினாலும் ஏறத்தாழ 41,000 ரூபாதான். பில்லியனைப் பத்துக் கோடியென்று தவறாகக் கொண்டவருக்கு முதல் வழியில் 4,100 ரூபாவே கிடைத்திருக்கும். இரு வழிகளும் ஒவ்வாதபோதே பிழை வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டுச் செய்திகளைக் கேட்போருக்கு இன்னுமொரு மலைப்பு உண்டு. இந்திய மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 45 இலட்சம் கோடி ரூபா. இலட்சத்தின் ஐந்து பூச்சியங்களும் கோடியின் ஏழும் சேர்ந்து பன்னிரண்டு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பூச்சியங்கொண்டது டிரில்லியன். ஆகவே இலட்சம் கோடி என்று வருமிடத்தில் டிரில்லியன் என்று வைத்துக்கொள்ளலாம்; பெருக்கவோ வகுக்கவோ வேண்டியதில்லை.

பழைய ஆங்கில அகராதி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் முன்னாளிற் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன். அஃதாவது நமது இலட்சம் கோடி. 1974இற் பிரதமர் ஹரோல்ட் வில்சன், அரசாங்கம் இனி அச்சொல்லை ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே வழங்கும் என்று அறிவித்தார். ஆனால் பிரெஞ்சிலும் ஜெர்மன் மொழியிலும் மில்லியன் மில்லியன் என்ற பொருளே இன்று வழங்குகிறது. அந்நாடுகளில் வாழும் உறவினர் அங்குள்ள செய்தித்தாளைப் பார்த்துப் பில்லியன் என்று சொன்னால், அதற்குப் பூச்சியம் பன்னிரண்டு. நமது நூறு கோடியை ஜெர்மானியர் மில்லியார்டே என்றும், பிரெஞ்சுக்காரர் மில்லியார் என்றும் சொல்கின்றனர்.