சிறு ஆட்டுப் பட்டிக்கு ஏற்ற பொலிகிடா



திருத்தணியைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் நான்கைந்து வெள்ளாடுகள் இல்லாத வீடுகள் சிலவே. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்திலும் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகளே அளிக்கப்பட்டன. இத்தகைய சிறு பட்டிக்குக் கிடா எங்கிருந்து வருகிறது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

நம்மிடையே நடப்பது யாது? ஆடி மாதம் அம்மன் திருவிழா வருகிறது. கையில் பணமும் இல்லை. கொழுகொழுவென வளர்ந்த கிடாக்குட்டிக்கே நல்ல விலை கிடைப்பதால் அதனை முதலில் விற்றுவிடுகிறோம். விலை போகாத நோஞ்சான் குட்டி பட்டியில் தங்குகிறது. அதுவே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. அது சேரும் பெட்டைகளோ அதன் தாயும் உடன்பிறந்தவையுமே. இவ்வாறு இரண்டு கேடுகள் ஒருங்கே விளைகின்றன.

இரத்த உறவுச் சேர்க்கை ஏன் தீங்கானது? நல்ல ஆட்டின் உடலிலும் சில குறைகள் மறைந்து கிடக்கும். தாய், தந்தை இருவழியிலும் அக்குறை வந்து சேர்ந்தால்தான் அது குட்டியிடம் வெளிப்படும். ஒரு கிடாவிடம் அத்தகைய குறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் மகள்களில் பாதி அதனைப் பெறும். தந்தையே அம்மகள்களுடன் சேருமானால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக எட்டில் ஒன்றில் அக்குறை வெளிப்படும். குறையில்லாத வேற்றுக் கிடாவாயின் ஒன்றிலும் வெளிப்படாது.

குட்டிகள் எடை குறைந்து பிறத்தல், சில நாள்களில் இறத்தல், மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாமை, கிடாக்குட்டிக்கு ஒரு விதை இறங்காமை ஆகியன அடையாளங்கள். ஆயினும் தீவனக் குறைவாலும் குடற்புழுவாலும் குட்டிகள் மெலிவதுண்டு. ஆகவே, அதே கொட்டிலில் வேற்றுக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அவை செழித்திருக்க இவை மட்டும் தேய்ந்தால் உறவுச் சேர்க்கையை ஐயுறலாம்.

இனிக் காலக் கணக்கைப் பார்ப்போம். தை மாதத்தில் கிடாவைச் சேர்த்தால், வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்களாதலால் ஆனியில் குட்டிகள் பிறக்கும். கிடாக்குட்டிகள் நான்கைந்து மாதங்களிலேயே சேரும் வல்லமை பெறுவதால், மூன்று மாதம் நிறைந்தவுடன், அதாவது புரட்டாசியில், அவற்றைப் பிரித்துக் கட்ட வேண்டும். வளர்த்து விற்க வேண்டியவற்றைக் காயடித்து வைக்கலாம். பெட்டைக்குட்டிகள் ஒன்பது மாத அளவில், பங்குனியில், பருவத்துக்கு வரும். அதற்கு முன், மாசிக்குள் தந்தைக்கிடா அப்பட்டியை விட்டு நீங்கிவிட வேண்டும்.

ஆண்டுதோறும் புதுக் கிடா வாங்க ஏழைக் குடும்பத்தால் இயலுமா? இயலாது. ஆனால், ஒரு கிடா இருபது பெட்டைகளுக்குப் போதும். மூன்று பெட்டைகளுக்காக அதனைத் தீனியிட்டு வளர்ப்பது வீண் செலவு. எனவே ஐந்தாறு வீட்டார் கூடி ஒரு குழுவாகட்டும். மேலைத்தெரு, நடுத்தெரு, கீழைத்தெரு என மூன்று குழுக்கள் அமைந்தால், ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று கிடாக்களை வாங்கலாம். ஓராண்டு முடிந்ததும் மேலைத்தெருக் கிடா நடுத்தெருவுக்கும், நடுத்தெருக் கிடா கீழைத்தெருவுக்கும், கீழைத்தெருக் கிடா மேலைத்தெருவுக்கும் மாற வேண்டும். இவ்வாறு மூன்றாண்டுகள் எக்கிடாவும் தன் மகளைச் சந்திப்பதில்லை. நான்காம் ஆண்டு பழைய இடத்துக்குத் திரும்பினால் தன் மகள்களையும் பேத்திகளையுமே காணும். ஆகவே மூன்றாம் ஆண்டின் முடிவில் மூன்றையும் விற்று வெளியூரிலிருந்து புதியன வாங்க வேண்டும். எல்லா ஆடுகளும் மலையடிவாரத்தில் ஒன்றாக மேய்வதால், மேய்ச்சலின்போது கிடாவின் வயிற்றின் கீழ் சாக்குத்துணி கட்டுதல் அவசியம். அதனை மறந்தால் இம்முறை முழுவதும் பயனற்றுப் போகும்.

கிடாவை வாங்கும்போது முதலில் அதன் தாயைக் காணுங்கள். ஈற்றுதோறும் இரட்டைக் குட்டி ஈன்று இரண்டையும் பாலூட்டி வளர்த்த தாயா என்று கேளுங்கள். பின்னர் கிடாவின் இரு விதைகளும் ஒத்த அளவில் உறுதியாக உள்ளனவா, தாடைகள் பொருந்துகின்றனவா, கால்கள் நேராக உள்ளனவா என்று தடவியும் நடக்கவிட்டும் பாருங்கள். சந்தையில் தாயைக் காண இயலாது. ஆதலால் பள்ளிப்பட்டுப் பக்கமோ, எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கமோ வளர்ப்போர் வீட்டுக்கே சென்று வாங்குதல் நன்று. வாங்கி வந்த கிடாவை மூன்று வாரம் தனியே கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட பின்னரே பட்டியில் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு குறிப்பேடு. எந்தக் குட்டி, எந்தத் தாய், எந்தக் கிடா, பிறந்த நாள் எது என நான்கு கட்டங்கள் போதும். பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அவ்வேட்டை அப்பிள்ளையின் கையில் கொடுங்கள்.